விழித்ததும் வரும் தலைவலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கப் பரிசோதனைக்கு வருபவர்களுக்கு ஒயர் ஒட்டுவதும் விடிய விடியத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் என் வேலை. ஒட்டும்போதும் காலையில் கழற்றும்போதும் அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்களுக்கு இன்ன நோய் என்று முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

காலையில எழுந்திரிக்கும்போதே தலை வலிக்குது. இது என்ன வியாதி?

காலைத் தலைவலி என்று தனியாக ஒரு வியாதி கிடையாது. இரவில் நடந்த ஏதோ ஒன்று காலையில் வலியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, பல்லைக் கடிப்பது, முந்தைய நாள் குடித்த காபி உடம்பிலிருந்து இறங்கிவிடுவது, தூக்கம் போதாமல் போவது ஆகிய நான்கும் அடிக்கடி அகப்படும் காரணங்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் விடியற்காலையில் வலி தொடங்குவது சகஜம்.

ஒருவருக்கு ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்களிடம் வருபவர்களில் பலருக்கு இரண்டு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த நாலுல எனக்கு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எவ்வளவு வலிக்கிறது என்பதை விட, எத்தனை மணிக்குப் போகிறது, எதனால் போகிறது என்று பாருங்கள். வலியின் அளவு நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அது போகும் விதம்தான் வித்தியாசப்படும்.

மூச்சுத்தடையால் வரும் வலி தலையின் இரண்டு பக்கமும் அழுத்துகிற மாதிரி இருக்கும். வாந்தி வருவது போலவோ வெளிச்சம் கூசுவது போலவோ பொதுவாக இருக்காது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மருந்து, காபி எதுவும் இல்லாமலே குறைந்துவிடும். தலைவலிகளுக்கான சர்வதேச வகைப்பாடும் 4 மணி நேரத்துக்குள் போய்விடும் என்பதை இதன் ஓர் அடையாளமாக வைத்திருக்கிறது. பலருக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது. வாரத்தில் பல நாள் வரும், ஞாயிறு திங்கள் என்ற பேதம் பார்க்காது.

காபி வலி இதற்கு நேர்மாறு. தானாகப் போகாது, நேரம் ஏற ஏறக் கூடும். ஒரு கப் உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் விட்டுவிடும். பல் கடிப்பவர்களின் வலி நெற்றிப்பொட்டில் உட்கார்ந்திருக்கும். கூடவே தாடை இறுகியிருக்கும், முதல் கவளத்தை மெல்லும்போதே தெரியும். தூக்கம் போதாத வலிக்குத் தனி முகம் கிடையாது. மண்டை கனத்து, கண்ணுக்குப் பின்னால் இழுக்கும். முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்ற கணக்கைப் பார்த்துத்தான் அதைப் பிடிக்க முடியும்.

நான் நாளைக்கு ரெண்டு கப் காபிதான் குடிக்கிறேன். அதுக்கெல்லாமா தலை வலிக்கும்?

வலிக்கும். அடர்த்தியைப் பொறுத்து ஒரு கப் காபியில் தோராயமாக 60 முதல் 100 மில்லிகிராம் காஃபின் இருக்கும், டீயில் ஏறக்குறைய அதில் பாதி. தினமும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரண்டு வாரத்துக்கு மேல் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும் என்பது வகைப்பாட்டில் உள்ள கணக்கு. 100 மில்லிகிராம் பழக்கத்திலேயே வலி வருபவர்களும் உண்டு.

நேரத்தையும் பாருங்கள். கடைசிக் கப் குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்குவதுதான் வழக்கம். மாலை 4 மணிக்குக் கடைசிக் காபி, காலை 6 மணிக்கு விழிப்பு என்றால் 14 மணி நேரம் ஆகிவிட்டது, காபியைச் சந்தேகிக்கலாம். இரவு 9 மணிக்குக் குடித்துவிட்டுப் படுப்பவருக்கு 6 மணிக்கு வரும் வலியைக் காபி இறங்கியதால் வந்தது என்று சொல்ல முடியாது, ஒன்பது மணி நேரம்தானே ஆகியிருக்கிறது. அவருக்குப் பிரச்சினை வேறு: உள்ளே போன காஃபினில் பாதி கரையவே ஐந்து மணி நேரம்போல ஆகும், அதுவரை அது தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

வேலை நாள்ல ஒண்ணும் இல்ல. லீவு நாள்ல நல்லா தூங்கி எழுந்தாத்தான் தலை வலிக்குது. ஏன் இப்படி?

லீவு நாளில் மூன்று விஷயம் சேர்ந்தே மாறுகிறது: படுக்கும் நேரம், எழும் நேரம், முதல் காபியின் நேரம். தினமும் 6.30க்கு உள்ளே போகும் காபி அன்றைக்கு 9.30 வரை போகவில்லை என்றால், மூளையைப் பொறுத்தவரை அது மூன்று மணி நேரப் பட்டினி. காஃபின் மூளையின் இரத்தக் குழாய்களைச் சற்றே சுருக்கி வைக்கிறது. அது இறங்கியதும் குழாய்கள் விரிகின்றன, வலி வருகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வழக்கத்தை விட அதிகமாகத் தூங்குவதே தனியாக ஒரு தூண்டுகோல்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். ஒரு லீவு நாளில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து காபியைக் குடித்துவிட்டு, வேண்டுமானால் மறுபடி படுங்கள். வலி வரவில்லை என்றால் காபியின் நேரம்தான் காரணம். அப்படியும் வந்தால், அடுத்த லீவுக்கு மறுபடி படுக்காமல் இருந்து பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

நான் குறட்டை விடுறேன்னு வீட்ல சொல்றாங்க. குறட்டைக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம்?

வெறும் குறட்டைக்கும் தலைவலிக்கும் நேரடியாக முடிச்சுப் போட முடியாது. குறட்டைக்கு நடுவில் வரும் மௌனம்தான் விஷயம். திரையில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். சத்தமான குறட்டை ஓடிக்கொண்டிருக்கும். சட்டென்று நின்றுவிடும். மூக்கில் வைத்த குழாயின் கோடு தட்டையாகப் போகும், ஆனால் நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூச்சு இழுக்க உடம்பு முயல்கிறது, தொண்டை அடைத்திருப்பதால் காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். சில வினாடி கழித்து ஆக்சிஜன் எண் 95, 91, 86 என்று இறங்கும். பிறகு ஒரு பெரிய திணறல், மூளை அலைகளில் ஒரு விழிப்பு, மறுபடி குறட்டை. படுத்திருப்பவருக்கு இதில் எதுவுமே நினைவிருக்காது.

10 வினாடியாவது இப்படி நின்றால்தான் கணக்கில் சேர்ப்போம். ஒரு மணி நேரத்துக்கு இப்படி முழுதாகவோ பாதியாகவோ மூச்சு எத்தனை முறை தடைபட்டது என்பதை ஏஹெச்ஐ என்ற எண்ணாக எழுதுவோம். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. தலைவலி எதனால் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆக்சிஜன் குறைவதாலா, கரியமில வாயு தேங்குவதாலா, தூக்கம் துண்டு துண்டாக நறுக்கப்படுவதாலா என்ற விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே ஏஹெச்ஐ அதிகமாக இருப்பவருக்குத்தான் வலி அதிகம் என்று எதிர்பார்க்காதீர்கள். 50 இருந்தும் ஒரு நாள்கூடத் தலை வலிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

நான் ஒல்லி, குறட்டையும் இல்லை. அப்போ எனக்கு மூச்சுத்தடை இருக்காதுதானே?

வாய்ப்பு குறைவு, ஆனால் இருக்கவே இருக்காது என்று சொல்ல முடியாது. கீழ்த்தாடை உள்வாங்கியிருப்பவர்கள், டான்சில் பெரிதாக இருப்பவர்கள் ஒல்லியாக இருந்தாலும் தொண்டை அடைபடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது கூடுகிறது. பெண்கள் பலர் குறட்டையைச் சொல்வதே இல்லை. தூக்கம் வரவில்லை, அசதி, காலைத் தலைவலி என்றுதான் வருவார்கள், அதனாலேயே கவனிக்கப்படாமல் போகிறார்கள்.

தனியாகப் படுப்பவர், தான் குறட்டை விடுவதில்லை என்று எப்படிச் சொல்கிறார் என்பதே எனக்குப் புரியாத விஷயம். போனில் ஒரு ராத்திரி ஒலிப்பதிவு போட்டுக் கேட்டுப் பாருங்கள். வாய் வறண்டு எழுவது, ராத்திரியில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது, மாத்திரைக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம் ஆகியவை தலைவலியோடு சேர்ந்திருந்தால் பரிசோதனை செய்துகொள்வதே நல்லது.

தூக்கத்துல பல்லைக் கடிக்கிறேனான்னு எனக்கே எப்படித் தெரியும்?

பக்கத்தில் படுப்பவருக்கு நறநறவென்று கேட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் சத்தம் வராமல் இறுக்கிக் கடிப்பவர்களும் உண்டு. அவர்கள் கண்ணாடி முன் நின்று பார்க்கலாம். கன்னத்தின் உட்பக்கம் பல் வரிசைக்கு நேராக ஒரு வெள்ளைக் கோடு, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த அலை அலையான தடம், நுனி தேய்ந்து சமமாகிவிட்ட கோரைப் பற்கள். இவை ஒவ்வொன்றும் தனியாகச் சாட்சி சொல்லாது, ஏனென்றால் தேய்மானம் பல வருடத்துக்கு முந்தைய கதையாகவும் இருக்கலாம்.

நான் அதிகம் நம்புவது காலைச் சோதனையை. எழுந்த உடனே விரல்நுனியால் நெற்றிப்பொட்டையும், தாடை எலும்பின் மூலைக்குச் சற்று மேலே கடிக்கும்போது புடைக்கும் கன்னத் தசையையும் அழுத்துங்கள். அழுத்தினால் அந்தத் தலைவலியே அப்படியே கூடுகிறது, மத்தியானம் அழுத்தினால் அவ்வளவு இல்லை என்றால், ராத்திரி அந்தத் தசைகள் வேலை செய்திருக்கின்றன. காலையில் குறைவாக இருந்து பொழுது ஏற ஏற வலி கூடினால் பகலில் கடிக்கிறீர்களா என்று பாருங்கள். கணினி முன்னால் பல்லை இறுக்கிக்கொண்டு உட்கார்பவர்கள் நிறையப் பேர். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் பல் கடிப்பைக் கூட்டும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

பல் டாக்டர் நைட் கார்டு போடச் சொல்றார். போட்டா தலைவலி நின்னுடுமா?

ராத்திரி பல் வரிசையின் மேல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறைதான் இந்தக் கார்டு. அதன் முதல் வேலை பல்லைக் காப்பாற்றுவது. கடிப்பதை அது நிறுத்துவதில்லை. பல்லுக்குப் பதில் பிளாஸ்டிக் தேய்கிறது. தசை வலி சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு மாற்றமே இல்லை.

குறட்டையும் சேர்ந்திருந்தால் கார்டுக்கு அளவெடுப்பதற்கு முன் பல் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். மூச்சுத்தடையும் பல் கடிப்பும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம் இல்லை. மேல் வரிசையில் மட்டும் மாட்டும் சாதாரணக் கார்டு சிலருக்கு மூச்சுத்தடையைக் கூட்டியிருக்கிறது. கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் இன்னொரு வகைக் கருவி இருக்கிறது. லேசான, நடுத்தர மூச்சுத்தடைக்கு அதுவே ஒரு சிகிச்சை. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் மாற்றிப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம்.

டாக்டர் டைரி எழுதிட்டு வரச் சொல்றார். அதுல என்னத்தை எழுதுறது?

இரண்டு வாரத்துக்கு ஐந்தே விஷயம் போதும்: படுத்த நேரம், எழுந்த நேரம், முதல் காபியும் கடைசிக் காபியும் எத்தனை மணிக்கு, வலி எத்தனை மணிக்குப் போனது, என்ன மாத்திரை போட்டீர்கள். மது குடித்திருந்தால் அதையும் குறியுங்கள்.

அது எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு, நாங்கள் அடிக்கடி பார்க்கும் வகையில் 44 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். தனக்குக் காபித் தலைவலி என்பது அவருடைய தீர்மானம், ஏனென்றால் காபி குடித்ததும் போய்விடுகிறது. டைரியில் வேலை நாளில் 6 மணிக்கு எழுகிறார், 6.30க்குக் காபி, 7.30க்கு வலி போகிறது. ஞாயிற்றுக்கிழமை 8.30க்கு எழுகிறார், 9க்குக் காபி, வலி பலமாக இருந்து 10.30க்குப் போகிறது. பார்த்தால் காபிதான் என்று தோன்றும்.

இரண்டு வேலை நாளில் மட்டும் காபியை 9 மணிக்குத் தள்ளிப் போடச் சொல்கிறோம். அந்த இரண்டு நாளும் காபி இல்லாமலே 7.30க்கு வலி போய்விடுகிறது. ஆக வேலை நாள் வலியைப் போக்கியது காபி இல்லை, எழுந்து நடமாடியதுதான். காபி அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது, பெயர் அதற்குப் போனது. பரிசோதனையில் ஏஹெச்ஐ 27. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை அடைபடாமல் வைத்திருக்கும் மெஷினை மூச்சுத்தடைக்குப் போட்ட சில வாரத்தில் வேலை நாள் வலி நின்றுவிடுகிறது. ஞாயிறு வலி மட்டும் குறைந்த அளவில் மிஞ்சுகிறது. அது நிஜமாகவே காபி வலி. ஞாயிறும் 6.30க்குக் குடித்ததும் அதுவும் போகிறது. டைரி இல்லாமல் மெஷினை மட்டும் போட்டிருந்தால், ஞாயிறு வலியைக் காட்டி மெஷின் வேலை செய்யவில்லை என்று ஒதுக்கியிருப்பார்.

காபிதான் காரணம்னு தெரிஞ்சுடுச்சு. நாளையிலேர்ந்து ஒரேயடியா நிறுத்திடவா?

நிறுத்தலாம், ஆபத்து இல்லை, ஆனால் அந்த வாரம் கஷ்டமாக இருக்கும். வலி பொதுவாக முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம்போல நீடித்து அடங்கும். சில நாளுக்கு ஒரு முறை அரை கப் என்று குறைத்துக்கொண்டு வந்தால் இந்த அவதி பெரும்பாலும் இல்லை. முழுக்க விட விருப்பம் இல்லாதவர்கள் தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு குடித்தாலே காலை வலி அடங்கிவிடும். தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலேயே காஃபின் சேர்ந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள்.

ஒரு மாத்திரை போட்டா சரியாயிடுது. தினமும் காலையில போட்டுக்கிட்டா என்ன?

வலிக்கு நாம் போடும் மாத்திரையே ஐந்தாவது காரணமாகிவிடும். பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால் மாத்திரையாலேயே தலைவலி வரலாம். காஃபினோ வேறு மருந்தோ கலந்த கூட்டு மாத்திரைகள், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகை ஆகியவற்றுக்கு 10 நாளே போதும். இந்த வலி விடியற்காலையில் அதிகம் தெரியும், ராத்திரி மாத்திரையின் வேலை முடிந்திருக்கும் அல்லவா. அதனால்தான் டைரியில் மாத்திரைக்கும் ஓர் இடம் கேட்டேன். இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

காலையில தலை வலிச்சா மூளையில கட்டின்னு படிச்சேன். பி.பி.யாவும் இருக்குமா?

இரத்த அழுத்தம் 180/120 போன்ற அளவைத் தொட்டால்தான் அதுவே தலைவலியைக் கிளப்பும். 150, 160 இருப்பவருக்குத் தலை வலிக்கிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும். மூச்சுத்தடை அழுத்தத்தையும் கூட்டும் என்பதால் இரண்டும் ஒன்றாகத் தென்படுவது உண்டு.

கட்டி அபூர்வம், அதுவும் வேறு அறிகுறி எதுவும் இல்லாமல் தலைவலி மட்டும் காட்டுவது இன்னும் அபூர்வம். ஆனால் வாரா வாரம் கூடிக்கொண்டே போகும் வலி, இருமும்போதும் குனியும்போதும் தூக்கும் வலி, வாந்தி, பார்வை மங்கல், கை கால் மரத்துப் போதல், வலிப்பு, 50 வயதுக்கு மேல் முதல் முறையாகத் தொடங்கும் வலி ஆகியவற்றுக்கு டைரி எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். இடி இறங்கியது போல ஒரு நொடியில் உச்சத்துக்கு வரும் வலியும், காய்ச்சலோடு கழுத்து இறுகும் வலியும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே காலையில் தலை வலித்தால் கார்பன் மோனாக்சைடு கசிவைச் சந்தேகித்து எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் எழுந்ததும் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும், இரவில் சர்க்கரை இறங்கினாலும் காலையில் தலை வலிக்கும்.

வீட்லயே டெஸ்ட் பண்ணினேன், நார்மல்னு வந்துடுச்சு. அப்போ மூச்சுத்தடை இல்லைன்னு விட்டுடலாமா?

அந்த ராத்திரி எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. வீட்டுக் கருவிகள் பெரும்பாலானவற்றில் மூளை அலைக்கு ஒயர் கிடையாது. நீங்கள் தூங்கினீர்களா, கண்ணை மூடிப் படுத்திருந்தீர்களா என்று அதற்குத் தெரியாது. ஏழு மணி நேரம் மாட்டியிருந்து நாலு மணி நேரம்தான் தூங்கியிருந்தாலும், மூச்சுத்தடைகளை ஏழால் வகுக்கும். 40 முறை தடைபட்டிருந்தால் உண்மையில் மணிக்கு 10, அறிக்கையில் 6க்கும் கீழே. ஆக்சிஜன் இறங்காமல் விழிப்பை மட்டும் உண்டாக்கும் தடைகளும் இதில் தப்பிவிடும்.

முழுக்க ஒருக்களித்தே படுத்திருந்தாலும் எண் குறையும், மல்லாந்து படுக்கும்போது மட்டும் தொண்டை அடைபடுபவர்கள் பலர். அறிகுறிகள் வலுவாக இருந்தும் வீட்டுச் சோதனை நார்மல் என்று வந்தால், தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் முழு ராத்திரிச் சோதனை செய்வதுதான் முறை. அதிலும் ஒன்றும் இல்லை என்றால் மூச்சுத்தடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மற்றவற்றைத் தேடலாம்.

மெஷின் போட ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. குறட்டை நின்னுடுச்சு, தலைவலி நிக்கலை. மெஷின் சரியில்லையா?

முதலில் மெஷின் காட்டும் இரண்டு எண்களைப் பாருங்கள். ராத்திரிக்கு எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தீர்கள், மிச்சமிருக்கும் ஏஹெச்ஐ எவ்வளவு. பலர் முதல் நாலு மணி நேரம் போட்டுவிட்டுத் தூக்கத்திலேயே கழற்றி எறிந்துவிடுவார்கள். விடியற்காலையில்தான் கனவுத் தூக்கம் அதிகம், மூச்சுத்தடை மோசமாக இருப்பதும் அப்போதுதான். அந்த நேரத்தில் முகமூடி தலையணைக்குக் கீழே கிடந்தால் காலைத் தலைவலி எப்படி நிற்கும்?

மணிக்கணக்கு சரியாக இருந்து, மிச்ச ஏஹெச்ஐ 5க்கும் கீழே இருந்தால் வார் இறுக்கத்தைப் பாருங்கள். காற்று கசிகிறது என்று பின்மண்டை வாரை முறுக்கிக் கட்டியவர்களுக்கு, வார் போன தடத்திலேயே வலி இருக்கும். விரலால் தொட்டுக் காட்டுவார்கள். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தி, கசிந்தால் வேறு அளவு முகமூடி கேளுங்கள். அதுவும் இல்லை என்றால், மேலே மாத்திரைக்கும் தாடைக்கும் சொன்ன இரண்டு பதில்களையும் படித்துவிட்டு, எழுந்ததும் நெற்றிப்பொட்டை அழுத்திப் பாருங்கள். மெஷினில் பதிவான விவரத்தையும் புதிதாக எழுதிய இரண்டு வார டைரியையும் சேர்த்தே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.